400 பேர், சராசரி 58, திட்டவிலக்கம் 14: மணி வளைவு எத்தனை பேரைக் காட்டும்?

கேள்வி: எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் 400 பேர். அரையாண்டுக் கணிதத் தேர்வில் சராசரி 58, திட்டவிலக்கம் 14. 68–95–99.7 விதியை வைத்து 44 முதல் 72 வரை எத்தனை பேர், 86-க்கு மேல் எத்தனை பேர், 35-க்குக் கீழ் எத்தனை பேர் என்று மதிப்பிட வேண்டும். எப்படிக் கணக்கிடுவது? கிடைக்கும் எண்களை எவ்வளவு நம்பலாம்?

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். 44 முதல் 72 வரை ஏறத்தாழ 270 முதல் 280 பேர், 86-க்கு மேல் எட்டிலிருந்து பத்துப் பேர், 35-க்குக் கீழ் சுமார் 19 பேர். இவை மூன்றும் மதிப்பெண்கள் மணி வடிவில் பரவியிருந்தால் மட்டுமே பொருந்தும். அந்த 'இருந்தால்' என்ற சொல்லில்தான் உங்கள் இரண்டாவது கேள்வி அடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு தாளில் நேர்கோடு போட்டு நடுவில் 58 என்று எழுதுங்கள். அங்கிருந்து வலப்பக்கம் 14, 14 ஆகத் தாண்டினால் 72, 86, 100. இடப்பக்கம் தாண்டினால் 44, 30, 16. விதி சொல்வது இவ்வளவுதான்: 44-க்கும் 72-க்கும் நடுவே 68 சதவீதம், 30-க்கும் 86-க்கும் நடுவே 95 சதவீதம், 16-க்கும் 100-க்கும் நடுவே 99.7 சதவீதம். 400 பேரில் 68 சதவீதம் 272 பேர். 95 சதவீதம் 380 பேர். மிச்சமுள்ள 20 பேர் இரண்டு ஓரங்களிலும் சமமாகப் பிரிவார்கள் என்பதால் 86-க்கு மேல் 10 பேர், 30-க்குக் கீழ் 10 பேர்.

மணி வளைவு நடுக்கோட்டின் இருபுறமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒவ்வொரு பட்டையையும் பாதியாக வெட்டிப் பயன்படுத்தலாம். 58 முதல் 72 வரை 34 சதவீதம், அதாவது 136 பேர். 72 முதல் 86 வரை, 95-இல் பாதியான 47.5-இலிருந்து 34-ஐக் கழித்தால் 13.5 சதவீதம், அதாவது 54 பேர். மாணவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இந்தக் கழித்தல்தான். 72 முதல் 86 வரை எவ்வளவு என்று கேட்டால் 95-இலிருந்து 68-ஐக் கழித்து 27 என்று எழுதிவிடுவார்கள். அந்த 27 சதவீதத்தில் 30 முதல் 44 வரை உள்ளவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். படம் வரைந்தவர் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்.

இந்த 68 என்ற எண் அனுபவத்தில் கிடைத்தது என்று விதியின் இன்னொரு பெயரான 'அனுபவ விதி'யைப் பார்த்துப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இயல்நிலைப் பரவல் எனப்படும் இந்த மணி வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு. பிரான்சில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஆபிரகாம் டி மொய்வர் 1733-இலேயே, நாணயம் சுண்டும் கணக்கை ஆராய்ந்தபோது, இதைக் கணக்கிட்டுவிட்டார். துல்லியமாகச் சொன்னால் 68.27, 95.45, 99.73. நாம் நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக வெட்டிச் சுருக்கியிருக்கிறோம். நடுப்பகுதியில் இந்தச் சுருக்கம் ஒன்றும் செய்யாது. ஓரத்தில் தெரியும். சுருக்கிய விதிப்படி 86-க்கு மேல் 10 பேர். முழு எண்ணை வைத்தால் 9 பேர். பின்னால் வரும் அரை மதிப்பெண் திருத்தத்தையும் சேர்த்தால் 8 பேர். அதனால்தான் மேலே எட்டிலிருந்து பத்து என்று இடைவெளி விட்டுச் சொன்னேன்.

அடுத்து 35, அதாவது தேர்ச்சி எல்லை. விதி நேரடியாகப் பதில் சொல்லாத இடம் இது. 35 என்பது 44-க்கும் 30-க்கும் நடுவே விழுகிறது. 44-க்குக் கீழ் 16 சதவீதம், 30-க்குக் கீழ் 2.5 சதவீதம். ஆகவே தேர்ச்சி பெறாதோர் 10 பேருக்கும் 64 பேருக்கும் நடுவில் என்று மட்டுமே விதி சொல்லும். இந்த இடைவெளியை நிரப்பப் பலர் விகிதம் போடுகிறார்கள். 30-இலிருந்து 35 வரை ஐந்து மதிப்பெண், 30-இலிருந்து 44 வரை பதினான்கு மதிப்பெண். ஆகவே 13.5 சதவீதத்தில் பதினான்கில் ஐந்து பங்கு, அதாவது 4.8. அதோடு 2.5-ஐக் கூட்டினால் 7.3 சதவீதம், 29 பேர். பார்க்க நியாயமாகத் தோன்றும், ஆனால் தவறு. அந்தப் பட்டைக்குள் ஆட்கள் சமமாகப் பரவி நிற்பதில்லை. 44-இன் பக்கம் நெருக்கமாகவும் 30-இன் பக்கம் அடர்த்தி குறைந்தும் நிற்கிறார்கள். எனவே விகிதக் கணக்கு ஓரத்தில் எப்போதும் ஆட்களைக் கூட்டியே காட்டும்.

சரியான வழி, 35 சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்று பார்ப்பது. 35-இலிருந்து 58-ஐக் கழித்து 14-ஆல் வகுத்தால் −1.64. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளியின் அடிப்படையும் இந்தக் கழித்தலும் வகுத்தலும்தான். இயல்நிலைப் பரவல் அட்டவணையில் −1.64-க்குக் கீழ் 5 சதவீதம், ஆக 20 பேர்.

ஆனால் மதிப்பெண்கள் முழு எண்கள். 35-க்குக் கீழ் என்றால் 34-உம் அதற்குக் குறைவும். வளைவோ தொடர்ச்சியானது, அதற்கு 34-க்கும் 35-க்கும் நடுவே வெற்றிடம் கிடையாது. எல்லையை இரண்டுக்கும் நடுவில், 34.5-இல் வைப்பதே பொருத்தம். அப்படி வைத்தால் 4.7 சதவீதம், கிட்டத்தட்ட 19 பேர். இதே அரை மதிப்பெண் திருத்தம் நடுப்பட்டையிலும் வேலை செய்கிறது. 44-உம் 72-உம் உட்பட எண்ணுவதாக இருந்தால் எல்லைகள் 43.5-உம் 72.5-உம். பங்கு 70 சதவீதமாக உயரும், 280 பேர். பட்டியலில் எண்ணிப் பார்த்து 280 வந்தால், விதி 272 என்றதே என்று குழம்ப வேண்டாம். எல்லையில் நிற்பவர்களைச் சேர்த்ததால் வந்த வேறுபாடு அது. எக்செலில் இவற்றைச் செய்ய இரண்டு வரிகள் போதும். பிறகு 400-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

```
=NORM.DIST(34.5,58,14,TRUE)
=NORM.DIST(72.5,58,14,TRUE)-NORM.DIST(43.5,58,14,TRUE)
```

இனி நம்பிக்கை பற்றி. வேறு எதையும் பார்ப்பதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: தேர்வுக்கு வராதவர்களைப் பட்டியலில் எப்படிப் பதிந்திருக்கிறார்கள்? வராதவர்களுக்கு 0 போட்டிருந்தால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். 400 பேரில் 12 பேர் வரவில்லை, எழுதிய 388 பேரின் சராசரி 58, திட்டவிலக்கம் 14 என்று வைத்துக்கொள்வோம். அந்த 12 சுழியங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி 56-க்குச் சற்று மேலே நிற்கும். இறக்கம் பெரிதாகத் தெரியாது. திட்டவிலக்கமோ 14-இலிருந்து 17-க்குத் தாவிவிடும். ஒவ்வொரு விலக்கத்தையும் வர்க்கப்படுத்துவதால், சராசரியிலிருந்து 56 தள்ளி நிற்கும் 12 பேர் மற்ற அனைவரின் பரவலையும் ஊதிக் காட்டுகிறார்கள். பட்டைகள் அகலமாகும், நீங்கள் சொல்லும் எண்ணிக்கைகள் அனைத்தும் பிசகும். புள்ளியியல் கற்பித்த ஆண்டுகளில் ஆசிரியர்கள் கொண்டுவந்த பட்டியல்களில் நான் முதலில் தேடியது இந்தச் சுழியங்களைத்தான். வராதவர்களின் கட்டத்தை வெற்றாக விட்டால் எக்செல் அவர்களைக் கணக்கில் எடுக்காது.

அது சரியாக இருந்தால், அடுத்து வடிவம். உங்களிடம் 400 மதிப்பெண்களும் கையில் இருக்கும்போது மதிப்பீடு எதற்கு என்று கேட்கலாம். நேரே எண்ணிவிடலாம்தான். இந்த நிலையில் விதியின் உண்மையான பயன் வேறு: எண்ணியதையும் விதி சொன்னதையும் அருகருகே வைத்தால், வேறுபாடு எங்கே விழுகிறதோ அங்கே உங்கள் வகுப்பைப் பற்றிய செய்தி இருக்கும்.

எவ்வளவு வேறுபாடு வந்தால் கவனிக்க வேண்டும்? மணி வடிவமே உண்மையாக இருந்தாலும் எண்ணிக்கை துல்லியமாக 280-இல் வந்து நிற்காது. ஒருவர் பட்டைக்குள் விழும் வாய்ப்பு 0.7 என்றால், 400 பேருக்கு அந்த எண்ணிக்கையின் திட்டவிலக்கம் 400 × 0.7 × 0.3 என்பதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 9. இதற்கும் அதே விதியைப் போடுங்கள்: இரண்டு திட்டவிலக்கத்துக்குள், 262-இலிருந்து 298 வரை எது வந்தாலும் வியப்பில்லை. 40 பேர் கொண்ட ஒரு பிரிவை மட்டும் எடுத்தால் எதிர்பார்ப்பு 28, ஏற்ற இறக்கம் ஆறு வரை இருக்கலாம். 22 வந்தாலும் 34 வந்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு பிரிவின் பட்டியலை வைத்துக்கொண்டு "எங்கள் வகுப்பு மணி வடிவில் இல்லை" என்று முடிவு கட்டுவதை நான் ஏற்பதில்லை.

400 பேரில் எண்ணிப் பார்த்து 250 வந்தால் அது வேறு. எப்படி வரக்கூடும் என்று ஓர் எடுத்துக்காட்டை முழுக்கப் பார்ப்போம். 200 பேர் ஒரு கூட்டம்: சராசரி 45.5, அவர்களுக்குள் திட்டவிலக்கம் 6.3. மற்ற 200 பேர் இன்னொரு கூட்டம்: சராசரி 70.5, திட்டவிலக்கம் அதே 6.3. ஒரு கூட்டத்துக்கு இயற்கணிதம் புரிந்திருக்கிறது, இன்னொன்றுக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 58. திட்டவிலக்கம் எடுத்தால் 14. உங்கள் எண்கள் இரண்டும் அப்படியே வருகின்றன!

ஆனால் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. 44 முதல் 72 வரை 280 பேருக்குப் பதில் 250 பேர். 35-க்குக் கீழ் 19 பேருக்குப் பதில் 8 பேர். 86-க்கு மேல் எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர். எல்லாவற்றையும்விட, சராசரியைச் சுற்றி 55 முதல் 61 வரை பாருங்கள். மணி வளைவு அங்கே 79 பேரை எதிர்பார்க்கிறது. இந்தக் கூட்டத்தில் 28 பேர்தான். 'சராசரி மாணவர்' என்று சொல்லும் இடத்தில் கிட்டத்தட்ட ஆளே இல்லை. 58 என்ற சராசரியை வைத்துப் பாடத்தின் வேகத்தைத் தீர்மானித்தால் அது இந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது, அந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது.

இதே எடுத்துக்காட்டில் 95 சதவீதப் பட்டையைச் சோதித்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது என்பதையும் கவனியுங்கள். 30-க்கும் 86-க்கும் நடுவே 99 சதவீதத்துக்கு மேல் வருகிறது. அது நல்ல செய்திபோலத் தோன்றும். இரண்டு திட்டவிலக்கத்துக்குள் பெரும்பாலோர் அடங்குவது மணி வடிவத்தின் தனிச்சிறப்பன்று. எந்த வடிவமாக இருந்தாலும் அதற்குள் குறைந்தது 75 சதவீதம் இருந்தே தீரும் என்று செபிஷேவின் சமனிலி நிறுவுகிறது. நடைமுறையில் காணும் பல வடிவங்களில் அது 90-ஐத் தாண்டிவிடும். ஆகவே 95-ஐ ஒட்டி வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். 68 சதவீதப் பட்டையையும், இரண்டு ஓரங்களைத் தனித்தனியாகவும் எண்ணுங்கள். இரண்டு ஓரங்களையும் சேர்த்து எண்ணினால் கோட்டம் மறைந்துவிடும்: கீழ் ஓரத்தில் 18 பேர், மேல் ஓரத்தில் இருவர் என்றாலும் கூட்டுத்தொகை 20 சரியாக வந்து நிற்கும்.

கோட்டம் இருக்கிறதா என்பதை எண்ணாமலேயே முன்கூட்டிச் சொல்லிவிடும் ஒரு குறிப்பு உண்டு. சராசரியோடு இரண்டு திட்டவிலக்கத்தைக் கூட்டுங்கள். 100-ஐத் தாண்டினால் மணி வடிவம் இல்லை. எளிதான வினாத்தாளில் சராசரி 88, திட்டவிலக்கம் 10 என்றால் 108 வருகிறது. அத்தகைய மதிப்பெண்ணே கிடையாது. 100 என்ற சுவரில் மாணவர்கள் மோதி நிற்கிறார்கள், வால் முழுவதும் கீழ்ப்பக்கம் நீள்கிறது. கடினமான தாளில் சராசரி 30, திட்டவிலக்கம் 18 என்றால், இரண்டு திட்டவிலக்கத்தைக் கழிக்கும்போது −6. அங்கே சுவர் 0. இரண்டு நிலையிலும் 68 என்ற எண்ணைச் சொல்ல உங்களுக்கு அடிப்படை இல்லை. உங்கள் தாளில் மேல்சுவர் சரியாக மூன்று திட்டவிலக்கத் தொலைவில் இருக்கிறது, கீழ்ச்சுவர் நான்குக்கும் அப்பால். போதுமான இடம் இருக்கிறது.

அமெரிக்காவின் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் இந்தச் சுவரைத் திட்டமிட்டே வைத்தார்கள். 1941-இல் தேர்வு எழுதியவர்களின் சராசரி 500, திட்டவிலக்கம் 100 ஆகும்படி அளவுகோலை அமைத்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பெண் 200 முதல் 800 வரை. அதாவது இரு பக்கமும் மூன்று திட்டவிலக்கம், 99.7 சதவீதம் அடங்கும் இடம். ஆனால் அளவுகோல் அப்படியே நிற்க, எழுதுபவர்கள் மாறினார்கள். 1990-களின் தொடக்கத்தில் மொழிப் பகுதியின் சராசரி 420-களுக்கு இறங்கியிருந்தது. 500-ஐ நடுவாக வைத்துப் பட்டை போட்டவருக்கு அப்போது எல்லாப் பட்டையும் தவறாகியிருக்கும். 1995-இல் அளவுகோலை மறுபடியும் 500-ஐ ஒட்டி நடுப்படுத்தினார்கள். உங்களுக்கு இதில் பயன்படுவது ஒன்று: சென்ற ஆண்டின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் இந்த ஆண்டின் மாணவர்கள் மேல் போடாதீர்கள்.

கடைசியாக, தேர்ச்சி எல்லையில் நிற்பவர்கள். உங்கள் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் வைத்துப் பார்த்தால் மணி வளைவு 32, 33, 34 ஆகிய மூன்று மதிப்பெண்களிலும் சேர்த்து 7 பேரையும், 35-இல் 3 பேரையும் எதிர்பார்க்கிறது. உங்கள் பட்டியலில் 32 முதல் 34 வரை ஒருவரும் இல்லாமல் 35-இல் மட்டும் 10 பேர் நின்றால், திருத்தியவர்கள் இரண்டு மூன்று மதிப்பெண் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. போலந்தில் பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் மத்துரா தேர்வில் தேர்ச்சிக்கு 30 சதவீதம் வேண்டும். அதன் போலிஷ் மொழித் தாளின் மதிப்பெண் வரைபடத்தில் 30-க்குச் சற்றுக் கீழே பள்ளமும், 30-ஐத் தொட்ட இடத்தில் திடீர் உயரமும் தெரியும்.

இந்தக் கருணை சராசரியையோ திட்டவிலக்கத்தையோ கண்ணில் படும் அளவு மாற்றாது. 7 பேருக்கு இரண்டு மதிப்பெண் கூடினால் 400 பேரின் சராசரி எங்கே நகரும்? ஆனால் தேர்ச்சி பெறாதோர் எண்ணிக்கையை அது 19-இலிருந்து 12-க்கு இறக்கிவிடும். விதிப்படி 19 பேருக்குத் தனிப் பயிற்சி தேவை என்று நீங்கள் எழுதிக் கொடுக்க, பட்டியலில் 12 பெயர்கள்தான் இருக்கும். அப்போது 19 என்பது தவறு என்று அடித்துவிடாதீர்கள். 35-இல் நிற்பவர்களின் விடைத்தாள்களை எடுத்து, கூட்டலுக்கு முன் என்ன இருந்தது என்று பாருங்கள். அந்த ஏழு பெயர்களும் அங்கே இருக்கும்.